இரண்டு வரைவுகளை அருகருகே வைத்து

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் கட்டுரைப் பயிற்சி வகுப்பை நெடுங்காலமாக நடத்திவருகிறேன். முதல் வரைவை வாங்கி, ஓரத்தில் கேள்விகள் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். மாணவர்கள் அதைத் திருத்தி இரண்டாம் வரைவைத் தருவார்கள். இப்போது அந்த இரண்டாம் வரைவைக் கையில் வாங்கியதும் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அது திருத்தப்பட்ட கட்டுரையா, அல்லது முதல் வரைவைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து வாங்கிய வேறொரு கட்டுரையா?

ஒரு மாணவி தம் ஊர் ஏரியைப் பற்றி எழுதியிருந்தார். மதகின் திருகு துருப்பிடித்துவிட்டதால் பெரியப்பா கடப்பாரையோடு போய்த்தான் அதைத் திறப்பார் என்று மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியம் இருந்தது. எத்தனை ஆண்டுகளாக இப்படி என்று ஓரத்தில் கேட்டிருந்தேன். இரண்டாம் வரைவில் அந்தக் கடப்பாரை வாக்கியம் சொல் மாறாமல் கட்டுரையின் தொடக்கத்துக்கே வந்திருந்தது. பெரியப்பாவிடம் கேட்டறிந்த விவரம் அதன் பின்னே நான்கு வரியாக நீண்டிருந்தது. தெப்பத்திருவிழாப் பத்தியை முழுவதுமாக நீக்கியிருந்தார். ஆனால் அதற்கு அடுத்த பத்தி 'அதனால்' என்றே தொடங்கியது. எதனால் என்று சொல்லும் பத்திதான் போய்விட்டதே! 'தூர் வாருதல்' என்பதில் இடையின ரகரம் வர வேண்டிய இடத்தில் வல்லின றகரம் போட்டிருந்தார்; நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை, அதுவும் அப்படியே இருந்தது. அவர் கை பட்ட இடம் எது, படாத இடம் எது என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

அதே வாரம் இன்னொரு மாணவர் வாரச்சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையின் இரண்டாம் வரைவும் வந்தது. வெற்றிலைக்காரப் பாட்டி கவுளிக்கு இரண்டு வெற்றிலை கூட வைத்துத் தருவார் என்று முதல் வரைவில் எழுதியிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. கவுளி என்றால் உங்கள் சந்தையில் எத்தனை வெற்றிலை, பாட்டியிடமே கேட்டு எழுதுங்கள் என்று ஓரத்தில் குறித்திருந்தேன். இரண்டாம் வரைவில் பாட்டி இல்லை, கவுளியும் இல்லை. 'வியாபாரிகள் வாடிக்கையாளர்களுடன் நெருங்கிய உறவைப் பேணுகின்றனர்' என்ற வாக்கியம் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஐந்து பத்திகளும் பழைய வரிசையிலேயே இருந்தன. ஆனால் ஒரு வாக்கியம்கூடப் பழையதாக இல்லை. நான் கேள்வி எழுப்பாத, நன்றாகவே இருந்த முதல் பத்தியும் அடியோடு மாறியிருந்தது. ஒற்றுப்பிழைகள் ஒரே இரவில் மறைந்திருந்தன. என் கேள்விக்கு மட்டும் விடை இல்லை.

எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, எங்கே மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டை நிறம் போட்டுக் காட்டும் வசதி கணினியில் இருக்கிறது; ஆனால் தமிழில் அதை அப்படியே நம்ப முடியாது. 'வந்துகொண்டிருந்தார்' என்பதை ஒருவர் இரண்டாகப் பிரித்து எழுதினாலே அது மாற்றமாகத் தெரியும். முதல் வரைவைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, இரண்டாவதை யூனிகோடில் செய்திருந்தால், ஒரு சொல்கூட மாறாத கட்டுரையும் முழுவதும் மாறியதாகவே தெரியும். இப்படி நிறத்தை மட்டும் பார்த்து நேர்மையான ஒரு மாணவரை நானே ஒருமுறை ஐயுற்றேன். பிறகு அவரிடம் வருத்தம் தெரிவித்தேன்.

பழைய தாளை மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய இரண்டாம் வரைவிலும் பழைய வாக்கியங்கள் இருக்கமாட்டா. ஆனால் பாட்டி இருப்பார். முன்பு சொல்லாத ஏதோ ஒன்றை இம்முறை சொல்லுவார். வாக்கியங்கள் போய், விவரம் பெருகியிருந்தால் அது அவர்கள் உழைப்பாகவே இருக்கக்கூடும். வாக்கியங்களும் போய், விவரமும் மெலிந்திருந்தால்தான் எனக்கு ஐயம் எழுகிறது. அப்போதும் அது ஐயமே, சான்று ஆகாது.

எனக்குத் தந்த நேரம் முடியப்போகிறது. ஐயம் எழுந்த பின் என்ன செய்வது என்பதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். குற்றம் சாட்டாமல், இரண்டு தாள்களையும் மாணவர் முன் வைத்து, இந்த வரியை ஏன் எடுத்தீர்கள் என்று ஒரே ஓர் இடத்தைக் காட்டிக் கேட்பேன். ஏரியைப் பற்றி எழுதிய மாணவி, திருவிழாவைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், மதகைப் பற்றி யாரும் எழுதவில்லை ஐயா என்றார். சந்தையைப் பற்றி எழுதியவர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாட்டி வரியை நான் எடுக்கவில்லையே ஐயா என்றார். அடுத்த சந்தை நாளில் போய்ப் பாட்டியிடம் கேட்டுவிட்டு வந்து, மூன்றாம் வரைவைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார். நன்றி, வணக்கம்.