நூறு சதவீதம் என்றால் எத்தனை பேர்?

வணக்கம் நேயர்களே. கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பல வருடம் நின்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யாருக்காவது மாத்திரைச் சந்தேகம் வந்தால் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள்.

அப்படி ஒரு நாள் பக்கத்து வீட்டு மருமகள் வந்தாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பாதி தீர்ந்த கருத்தடை மாத்திரை அட்டை. 21 மாத்திரை அட்டையில் 12 போயிருந்தது, 9 மிச்சம். போனில் மலையாளத்தில் ஒரு படச் செய்தி. அவள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், மலையாளத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் எண்ணுக்கு மொழி வேண்டாமே. கருத்தடை மாத்திரையால் ரத்தக் கட்டி ஆபத்து 100 சதவீதம் கூடுகிறதாம்.

"நூத்துக்கு நூறுன்னு போட்டிருக்குதே மாமா. அப்ப போட்டா எல்லாத்துக்கும் வந்துருமா?" என்றாள். நாலு நாளாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

அவள் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. 100 சதவீதம் என்று பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த எண்ணை மட்டும் போட்டுவிட்டு, எதிலிருந்து எதற்குக் கூடியது என்பதை விட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

நான் முதலில் லாட்டரியைத்தான் எடுத்தேன். தமிழ்நாட்டில் 2003லிருந்து லாட்டரி கிடையாது. அதனால் வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக வந்து இங்கே டிக்கெட் வாங்கிப் போகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். "கண்ணு, ஒரு டிக்கெட் வாங்குகிறவன் ரெண்டு வாங்கினா முதல் பரிசு விழற வாய்ப்பு எவ்வளவு கூடும்?" என்றேன். "ரெட்டிப்பா?" என்றாள். ரெட்டிப்புதான். அதாவது 100 சதவீதம் கூடுதல். அதை நம்பி யாராவது வீடு கட்ட அட்வான்ஸ் கொடுப்பார்களா? அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இந்த 100 சதவீதத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு அங்குள்ள டாக்டர்களுக்கு அவசரக் கடிதம் அனுப்பியது. ஜெஸ்டோடின், டெசோஜெஸ்ட்ரல் என்ற புது வகை ஹார்மோன் சேர்ந்த மாத்திரைகளில், ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறையும் ஆபத்து பழைய வகையைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்பது செய்தி. பத்திரிகைகளில் அது 100 சதவீதம் ஆனது. எண்ணிப் பார்த்தால், பழைய மாத்திரை போடும் 7000 பெண்களில் ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒருவருக்கு வந்தது, புதிய மாத்திரையில் இருவருக்கு. ஒன்று இரண்டானால் 100 சதவீதம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் 7000 பேரை 60 பேர் உட்காரும் பஸ்ஸில் ஏற்றினால் 117 பஸ் வேண்டும். பாலக்காட்டிலிருந்து கோயமுத்தூர் போகும் அந்த 117 பஸ்ஸிலும் சேர்த்துக் கூடுதலாக ஒரே ஒரு பெண்.

இரு மடங்கு என்பது ஒப்பீட்டு ஆபத்து. 7000க்கு ஒன்று கூடியது என்பது நேரடி ஆபத்து. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண் எந்த முடிவும் எடுக்க முடியாது.

ஆனால் அங்கே எடுத்தார்கள். ஏராளமான பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள், பலர் பாதி அட்டையிலேயே. அடுத்த ஒரு வருடத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்பு சுமார் 13,000 கூடியது என்று பிறகு கணக்கிட்டார்கள். அதற்கு முன் சில வருடங்களாக அது குறைந்துகொண்டு வந்தது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கர்ப்பமே ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும் நிலை. அன்றைய மதிப்பீட்டின்படி 7000 கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 4 பேர். ஆக, ஒன்று இரண்டாகிறதே என்று பயந்தவர்களில் சிலர், நான்கு இருக்கும் இடத்துக்குப் போய் நின்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நோயைக் கண்டுபிடிக்கும் வசதி பெருகப் பெருக இந்த எண்களும் ஏறின. 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை வெளியிட்ட கணக்கில், இந்த மாத்திரை எதுவும் போடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் வருடத்துக்கு சுமார் 2 பேர். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற பழைய வகையில் 5 முதல் 7 பேர். டெசோஜெஸ்ட்ரல் வகையில் 9 முதல் 12 பேர். கவனித்தீர்களா? ஆட்களின் எண்ணிக்கை 1995ஐவிடப் பல மடங்கு கூடிவிட்டது, தலைப்பு மட்டும் ஏறக்குறைய அதே "இரு மடங்கு". அடியில் இருக்கும் எண் மாறியதை அந்தச் சதவீதம் காட்டிக்கொடுக்கவே இல்லை.

யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதும் முக்கியம். அரசு நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் மாத்திரையில் இருப்பது அந்தப் பழைய வகை லெவோநார்ஜெஸ்ட்ரல். "கருத்தடை மாத்திரையால்" என்று பொதுவாகப் போட்ட தலைப்பைப் பார்த்து மாலா-என் போடுகிறவளும் பயப்படுவாள். கணக்கிலோ, அவள் இருப்பது குறைந்த பக்கத்தில்.

சரி, நம் பெண்ணிடம் வருவோம். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த டெசோஜெஸ்ட்ரல் மாத்திரை. எண்ணைச் சொன்னதும் முகம் தெளிந்தது. "அப்ப தொடர்ந்து போடட்டுங்களா?" என்றாள். அதற்கு நான் தலையாட்டவில்லை. 10,000 பேரில் 10 பேர் என்பது எல்லோரையும் சேர்த்த சராசரி. அந்த 10,000இல் இவள் எந்த ஓரத்தில் நிற்கிறாள் என்று தெரிய வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்கம்மாவுக்குத் தம்பி பொறந்தப்ப ஒரு கால் மட்டும் வீங்கிப் போச்சுங்க மாமா. கட்டின்னுதான் சொன்னாங்க. மாசக்கணக்கா ஊசி, மாத்திரை."

அங்கேதான் கணக்கு மாறுகிறது. பெற்ற தாய்க்கு வந்திருந்தால் மகளின் அடிப்படை ஆபத்தே சராசரியைவிடக் கூடுதலாக இருக்கலாம். சின்ன எண் இரு மடங்கானால் சின்ன எண்தான். அந்த அடி எண் பெரிதானால் அதே இரு மடங்கு நிஜமாகவே கனக்கும். 35 வயதைத் தாண்டிப் புகை பிடிக்கிறவர்களுக்கு, தனக்கே முன்பு கட்டி வந்தவர்களுக்கு, பிரசவமாகிச் சில வாரமே ஆனவர்களுக்கு, இந்தக் கலப்பு ஹார்மோன் மாத்திரையை டாக்டர்கள் தவிர்ப்பதும் அதனால்தான்.

மறுநாளே டாக்டரிடம் போகச் சொன்னேன். அட்டையை எடுத்துப் போ, அம்மா விஷயத்தை முதலில் சொல், நாலு நாள் நிறுத்தியதையும் மறைக்காதே என்றேன். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்பதையும் சொன்னேன். டாக்டர் கர்ப்பப் பரிசோதனை செய்து, இல்லை என்று உறுதியானதும் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம் என்றார். அதில் ஹார்மோன் கிடையாது.

போன வாரம் வந்தவள், அந்தப் படச் செய்தி திரும்பவும் குடும்ப குரூப்பில் சுற்றுகிறது என்றாள். "நான் கீழ ஒண்ணு எழுதிப் போட்டேங்க மாமா" என்று காட்டினாள். தமிழில் ஒரே வரி: "எத்தனை பேருல எத்தனை பேருன்னு யாருக்காவது தெரியுமா?"

இரண்டு நாளாகியும் யாரும் பதில் போடவில்லையாம். வணக்கம்.