ஃப்ரீக்வென்சி கவுண்டர் குறைவாகக் காட்டுகிறதா? அப்படியென்றால் உள்ளே இருக்கும் கடிகாரம் வேகமாக ஓடுகிறது!

[திரையில்: ஒரு ஃப்ரீக்வென்சி கவுண்டர். டிஸ்ப்ளேயில் 9,999,996.3 ஹெர்ட்ஸ்]

நொடிக்கு எத்தனை அலைகள் வருகின்றன என்று எண்ணும் இந்தக் கவுண்டருக்குள் நான் அனுப்புவது மிகத் துல்லியமான 10 மெகாஹெர்ட்ஸ். ஒன்றுக்குப் பின்னால் ஏழு பூஜ்யம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கவுண்டர் கிட்டத்தட்ட 4 ஹெர்ட்ஸ் குறைத்துக் காட்டுகிறது. இப்போது வீடியோவை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்: இந்தக் கவுண்டருக்குள் இருக்கும் கடிகாரம் மெதுவாக ஓடுகிறதா, வேகமாக ஓடுகிறதா?

"மெதுவாக" என்று சொன்னவர்கள் கடைசி வரை பாருங்கள். "வேகமாக" என்று சொன்னவர்களும் பாருங்கள், ஏனென்றால் அந்த 3.7 ஹெர்ட்ஸ் ஆறு மாதத்தில் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் இன்றைய விஷயமே.

அதற்கு முன்னால் எளிய கருவியிலிருந்து தொடங்கலாம்.

[திரையில்: டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச்]

ஸ்டாப்வாட்ச். உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குட்டி குவார்ட்ஸ் கிரிஸ்டல். அதைப் பதினைந்து முறை பாதி பாதியாக வகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு. பின்னணி அவ்வளவுதான், மேலே போகலாம்.

இது சரியாக ஓடுகிறதா என்று எப்படிச் சோதிப்பீர்கள்? பெரும்பாலானோர் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும். "சூப்பர், கரெக்டா இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். அந்தச் சோதனையில் நீங்கள் அளந்தது ஸ்டாப்வாட்சை இல்லை, உங்கள் கட்டைவிரலை.

கணக்குப் பார்க்கலாம். ஒரு சாதாரண ஸ்டாப்வாட்சில் பத்து லட்சத்துக்கு 15 பங்கு, அதாவது 15 பிபிஎம் பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் அது ஒரு மில்லிசெகண்டைக்கூடத் தொடாது. டிஸ்ப்ளே காட்டுவதோ நூறில் ஒரு பங்கு நொடி வரைதான், அதனால் பிழை தெரியவே தெரியாது. ஆனால் பொத்தானை அழுத்தும் விரல் தொடக்கத்திலும் முடிவிலும் சேர்த்து 0.2 நொடி வரை ஆட்டம் போடும். ஒரு நிமிடச் சோதனையில் அந்த ஆட்டம் மட்டுமே மூவாயிரம் பிபிஎம்முக்கு மேல்.

தீர்வு ஒன்றுதான், பொறுமை. காலை 9 மணிக்குத் தொடங்கி, மறுநாள் காலை 9 மணிக்கு நிறுத்துங்கள். நேரத்துக்கு, டில்லியில் இந்திய நேரத்தைப் பராமரிக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் time.nplindia.org சர்வரோடு இணைத்த கணினி போதும். இணையத் தாமதம் இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கும். ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் அது ஏறக்குறைய ஒரே அளவு இருந்தால் கழித்தலில் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சும் வித்தியாசம் விரலின் ஆட்டத்தைவிடச் சிறியது.

மறுநாள் ஸ்டாப்வாட்ச் 24:00:01.30 என்று காட்டினால், 86,400 நொடியில் 1.3 நொடி கூடுதல். வகுத்தால் 15 பிபிஎம். விரலின் 0.2 நொடி இப்போது வெறும் 2.3 பிபிஎம். அதே விரல்தான், ஆனால் ஒரு நாள் முழுக்கப் பரப்பியதால் அதன் சேட்டை சுருங்கிவிட்டது.

சிலர் ஒரு நாள் காத்திருக்கச் சோம்பல்பட்டு, கிரிஸ்டல் எழுப்பும் 32,768 ஹெர்ட்ஸ் ஒலியை மைக்கில் பிடித்து நேரடியாக அளப்பார்கள். நல்ல யோசனை, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பல கடிகாரங்களில் கிரிஸ்டலை வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகச் செய்துவிட்டு, உள்ளே இருக்கும் சிப் ஒவ்வொரு 10 நொடிக்கோ 60 நொடிக்கோ ஒருமுறை சில துடிப்புகளை எண்ணாமல் விட்டுவிடும். கிரிஸ்டலை மட்டும் கேட்டால் "வேகமாக ஓடுகிறது" என்று தோன்றும். திரையில் நேரம் சரியாகவே இருக்கும். பாவம், நல்ல கடிகாரத்துக்குக் கெட்ட பெயர்.

[திரையில்: தலைகீழ் கிண்ணம் போன்ற வளைகோடு. உச்சி 25 டிகிரியில்]

எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான். இந்த வகைக் கிரிஸ்டல் 25 டிகிரி செல்சியஸ் பக்கத்தில்தான் மிக வேகமாக ஓடும். சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். இழப்பு அந்த 25 டிகிரியிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஒரு டிகிரி வர்க்கத்துக்கு ஏறக்குறைய 0.034 பிபிஎம். 40 டிகிரி மைதானத்தில் நாள் முழுக்க வைத்தால் முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி என்றால் நாளுக்கு மூன்றரை நொடிக்கு மேல். சென்னை மே மாதத்தில் காரின் டேஷ்போர்டில் கிடக்கும் ஸ்டாப்வாட்ச் உங்களைப் போலவே சோர்ந்துபோகும். அதனால் எந்த வெப்பநிலையில் அளந்தீர்கள் என்று எழுதாத அளவீட்டை நான் நம்புவதில்லை.

சரி, இப்போது கவுண்டர்.

[திரையில்: அரிசி, படி]

ஃப்ரீக்வென்சி கவுண்டர் செய்யும் வேலை எளிது. ஒரு நொடிக்குக் கதவைத் திறந்து வைக்கிறது, உள்ளே வந்த அலைகளை எண்ணுகிறது, கதவை மூடுகிறது. அந்தக் கதவுக்குக் கேட் என்று பெயர். "ஒரு நொடி முடிந்தது" என்று கேட்டிடம் சொல்வது உள்ளே சீராக அதிரும் ஆசிலேட்டர், தொடக்கத்தில் நான் கேட்ட அந்தக் கடிகாரம். அதுதான் டைம் பேஸ்.

ஒரு படியில் எத்தனை அரிசி இருக்கிறது என்று எண்ணுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். படி கொஞ்சம் சின்னதாக இருந்தால் எண்ணிக்கை குறையும். நீங்களோ படி சரியானது என்று நம்புகிறவர், அதனால் "இந்த அரிசி பெரிய ரகம் போலிருக்கிறது" என்று அரிசியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வீர்கள். தவறு அரிசியில் இல்லை, படியில் இருக்கிறது. டைம் பேஸ் வேகமாக ஓடினால் அதன் "ஒரு நொடி" உண்மையான நொடியைவிடச் சின்னது. சின்னப் படி, குறைந்த எண்ணிக்கை. ஆக, ரீடிங் குறைந்தால் டைம் பேஸ் வேகம். ரீடிங் கூடினால் டைம் பேஸ் மெதுவு. தலைகீழ். இதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு திருகாணியைத் தப்பான பக்கம் திருப்புகிறவர்கள் நிறையப் பேர்.

கேட்டுக்குப் பதிலாக அலைகளின் நேரத்தை அளந்து தலைகீழாக்கும் புதிய கவுண்டர்களிலும் இந்த விதி மாறாது. தொடக்கத்தில் "மெதுவாக" என்று சொன்னவர்கள் இப்போது கமென்ட்டில் வரலாம், கிண்டல் செய்ய மாட்டோம்.

இனி முதலில் பார்த்த 9,999,996.3. நான் அனுப்பியது ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைப் பின்தொடர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் ஓர் ஆசிலேட்டரின் 10 மெகாஹெர்ட்ஸ். கேட் 10 நொடி, அதனால்தான் பத்தில் ஒரு ஹெர்ட்ஸ் வரை படிக்க முடிகிறது. 3.7 ஐ ஒரு கோடியால் வகுத்தால்:

```
பிழை = +3.7 × 10⁻⁷   (டைம் பேஸ் வேகம்)
உண்மை = ரீடிங் × (1 + 3.7 × 10⁻⁷)
```

இதே கவுண்டரில் 145 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவை அளந்தால் 54 ஹெர்ட்ஸ் குறைவாகக் காட்டும். கூட்டிக்கொண்டால் போதும். கவுண்டரைத் திறக்கத் தேவையில்லை. என் கருத்து இதுதான்: தெரிந்த பிழை பிழையே இல்லை, அது ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு. திருகாணியைத் தொடாதீர்கள், எழுதி வையுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையான தவறு உண்டு. கவுண்டரின் பின்பக்கம் ரெஃபரன்ஸ் உள்ளீடு ஒன்று இருக்கும். அதில் ஜிபிஎஸ் சிக்னலைக் கொடுத்துவிட்டு, அதே சிக்னலை முன்பக்கத்திலும் கொடுத்தால் ரீடிங் எப்போதும் 10,000,000.0 தான். கவுண்டரின் சொந்த டைம் பேஸ் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகினாலும் அப்படித்தான். "ஒரு ஹெர்ட்ஸ்கூட மாறவில்லை!" என்று மகிழ்ந்தால், முதலில் பின்னால் இருக்கும் ஒயரைப் பாருங்கள். உள் டைம் பேஸில் ஓடும்போதுதான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு.

ஆசிலாஸ்கோப் வைத்திருப்பவர்களுக்குக் கவுண்டரின் டிஸ்ப்ளேயே வேண்டாம். ஜிபிஎஸ் சிக்னலில் டிரிகர் செய்யுங்கள், டைம் பேஸ் வெளியீட்டைத் திரையில் பாருங்கள். அலை பக்கவாட்டில் நகரும். ஒரு முழு அலை, அதாவது 100 நானோசெகண்ட், நகர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 100 நொடி ஆனால் பிழை 10⁻⁹ தான். நம் கவுண்டரிலோ கால் நொடியில் ஓடிவிடும்.

[திரையில்: ஜனவரி முதல் ஜூலை வரை மெல்ல மேலேறும் கோடு]

இப்போது டிரிஃப்ட், அதாவது அந்தப் பிழை நாள்போக்கில் மெல்ல நகர்வது. ஜனவரியில் அளந்தது +3.7 × 10⁻⁷. அதே கவுண்டர், அதே அறை, அதே வெப்பநிலை, ஜூலையில் அளந்தால் +4.6 × 10⁻⁷ என்று வைத்துக்கொள்வோம். 180 நாளில் 0.9 × 10⁻⁷ நகர்ந்திருக்கிறது, நாளுக்கு 5 × 10⁻¹⁰. சூட்டை மாறாமல் வைத்திருக்கும் குட்டி ஓவனுக்குள் வைத்த ஆசிலேட்டரிடம் எதிர்பார்க்கக்கூடிய வேகம்தான் இது. கிரிஸ்டலின் மேல் நுண்ணிய மாசு ஒட்டுவதும் விலகுவதும், அதைப் பிடித்திருக்கும் கம்பிகளின் இறுக்கம் மெல்லத் தளர்வதும் இதற்குக் காரணம். ஜனவரித் திருத்தத்தையே ஜூலையிலும் போட்டால் 145 மெகாஹெர்ட்ஸில் 13 ஹெர்ட்ஸ் மிச்சப் பிழை. டிஸ்ப்ளே பத்தில் ஒரு ஹெர்ட்ஸ் வரை காட்டினாலும் கடைசி மூன்று இலக்கங்கள் சும்மா அலங்காரம்தான்.

கோட்டின் வடிவத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். ஒரே திசையில் மெல்ல நகர்ந்தால் வயதாவது. பகலில் ஏறி இரவில் இறங்கினால் வெப்பநிலை. திடீரென்று படி மாதிரி குதித்தால் கரண்ட் போயிருக்கும், அல்லது யாரோ பெட்டியைக் கீழே போட்டிருப்பார்கள். ஓவன் ஆசிலேட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் அது பழைய இடத்துக்கே அப்படியே திரும்பி வராது. பல கவுண்டர்களில் முன்பக்க சுவிட்ச் ஸ்டாண்ட்பைக்குத்தான் போகும், ஓவன் உள்ளே சூடாகவே இருக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று சுவரில் இருக்கும் பிளக்கையே பிடுங்குகிறவர்கள் தினமும் புதிய கவுண்டரோடு வேலை செய்கிறார்கள் என்று பொருள். அப்படி அணைத்திருந்தால் குறைந்தது ஒரு நாள் சூடாக விட்டுவிட்டு அளவிடுங்கள்.

அப்புறம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காலிபரேஷன் செய்வது? உங்களுக்கு எவ்வளவு பிழை தாங்கும் என்பதை நாளொன்றின் டிரிஃப்டால் வகுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் 10 ஹெர்ட்ஸ் தாங்கும் என்றால் அது 6.9 × 10⁻⁸. நாளுக்கு 5 × 10⁻¹⁰ என்ற கணக்கில் ஏறக்குறைய 138 நாள். காலாண்டுக்கு ஒருமுறை செய்தால் வசதியாகப் போதும், வருடத்துக்கு ஒருமுறை என்றால் பத்தாது.

உங்கள் கவுண்டருக்குள் இருப்பது சாதாரணக் கிரிஸ்டலா, வெப்பம் ஈடுசெய்த வகையா, ஓவன் வகையா? ரீடிங்கோடு சேர்த்து கமென்ட்டில் போடுங்கள். இரண்டு தேதிகளின் ரீடிங் இருந்தால் இன்னும் நல்லது, ஒரே ரீடிங்கை வைத்து டிரிஃப்ட் எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள்.