சொக்லட் சிஸ்ட்டை எடுப்பதா, விடுவதா?

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளை வேண்டிக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் ஸ்கேன் அறிக்கையில் “இடது சூலகத்தில் 4.5 சென்ரிமீற்றர் சொக்லட் சிஸ்ட்” என்று எழுதி வந்தால், வீட்டில் உடனே கேட்பது, “எப்ப வெட்டி எடுப்பாங்க?” என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்கவேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் சத்திரசிகிச்சைக்குப் போனால், கட்டியோடு சேர்ந்து முட்டைகளும் போய்விடக்கூடும். இன்று அந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கருப்பையின் உட்புறச் சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே ஒட்டி வளர்வதைத்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்கிறோம். சூலகத்தின் மேல், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில், அடிவயிற்றுச் சவ்வில் என்று பல இடங்களில் அது வளரும். மாதவிடாய்க் காலத்தில் அந்தத் திசுவிலும் இரத்தம் கசியும். வெளியேற வழியில்லாத அந்த இரத்தம் அங்கேயே தேங்கி, சுற்றிலும் அழற்சியை உண்டாக்கும். சூலகத்துக்குள் தேங்கினால் நாளாக ஆக அது கெட்டியாகிக் கறுத்த பழுப்பு நிறமாகிவிடும். சொக்லட் சிஸ்ட் என்ற பெயர் அதனால் வந்தது.

கருத்தரிப்பு இதனால் இரண்டு வழிகளில் சிரமமாகிறது. முதலாவது, ஒட்டுதல். அழற்சி ஏற்பட்ட இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பலோப்பியன் குழாயின் முனையிலுள்ள விரல் போன்ற பகுதி அசைந்து வந்துதான் சூலகத்திலிருந்து வெளிப்படும் முட்டையை ஏந்திக்கொள்ளும். குழாய் ஓரிடத்தில் ஒட்டிக்கிடந்தால், அதனுள் அடைப்பு ஏதும் இல்லாவிட்டாலும் முட்டை அதற்குள் போய்ச் சேராது. சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரேயில் குழாய் திறந்திருக்கிறது என்று வந்தும் கரு தங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, அழற்சி. அடிவயிற்றுத் திரவத்தில் சேரும் அழற்சிப் பொருட்கள் விந்தணுவின் ஓட்டத்தையும் முட்டையின் தரத்தையும் கெடுக்கின்றன. நோய் லேசாக இருப்பவர்களுக்கும் கருத்தரிப்பு தாமதமாவது இதனால்தான். குறையில்லாத ஒரு தம்பதிக்கு ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு சுமார் 15 முதல் 20 வீதம். சிகிச்சை பெறாத எண்டோமெட்ரியோசிஸில் அது 2 முதல் 10 வீதம் வரை இறங்கிவிடுகிறது. குறைகிறதே தவிர, பூச்சியமாவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

வலிக்கும் நோயின் அளவுக்கும் நேரான தொடர்பு கிடையாது. கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்குவதால் வரும் இடுப்புவலி என்று சொல்லிச் சொல்லியே இந்த வலியைப் பல வருடங்கள் தள்ளிவிடுகிறோம். மாதவிடாய்க்கு முன்பே தொடங்கும் வலி, உறவின்போது ஆழத்தில் வரும் வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வரும் வலி ஆகிய மூன்றையும் வைத்தியரிடம் தனித்தனியாகச் சொல்லவேண்டும். “வயித்து நோவு” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் இந்த நோய் அவர் நினைவுக்கு வராமலே போகலாம்.

இப்போது ஒரு தம்பதியை வைத்துப் பார்ப்போம். பேச்சுக்காக நான் கற்பனை செய்துகொண்ட தம்பதிதான். மனைவிக்கு 32 வயது, ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். கணவனுக்கு 35 வயது, கொழும்பில் கடையில் வேலை. இரண்டரை வருடமாகப் பிள்ளைக்கு முயல்கிறார்கள், இதுவரை ஒரு கருவும் தங்கவில்லை. ஸ்கேனில் இடது பக்கம் 4.5 சென்ரிமீற்றர் கட்டி, வலது சூலகம் நன்றாக இருக்கிறது. மாதவிடாய் வலி உண்டு, மாத்திரை போட்டால் அடங்குகிறது.

முதல் கேள்வி, கணவன் எப்போது வீட்டுக்கு வருகிறார்? மாதத்துக்கு ஒரு தடவை, சம்பளம் எடுத்துக்கொண்டு வருகிறார் என்றால், இரண்டரை வருட முயற்சியில் உண்மையில் முயன்ற மாதங்கள் மிகச் சிலவாகத்தான் இருக்கும். விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டை வெளிவந்து ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது. 28 நாள் சுற்றுள்ள ஒருவருக்கு, மாதவிடாய் தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணினால், ஏறக்குறைய 10ஆம் நாளிலிருந்து 15ஆம் நாள் வரைதான் காலம். சுற்று 32 நாள் என்றால் இது நான்கு நாள் பின்னே போகும். லீவை அதற்கேற்ப எடுத்து, அந்த நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது சேர்ந்திருக்க வேண்டும். இதைக் கேட்காமல் சத்திரசிகிச்சைத் திகதி குறிப்பது சரியல்ல என்பது என் கருத்து.

இரண்டாவது, விந்துப் பரிசோதனை. மனைவிக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்தவுடன் கணவனைச் சோதிப்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பரிசோதனைக்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் விந்து வெளியேறாமல் இருக்கவேண்டும். மாதிரியை ஆய்வுகூடத்திலேயே கொடுப்பதுதான் நல்லது. மலைக் குளிரில் பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் கொண்டுபோன மாதிரியில் விந்தணுக்கள் அசையாமல் கிடந்தால், அது நோயா, குளிரும் தாமதமும் செய்த வேலையா என்று சொல்ல முடியாது. மில்லிலீற்றருக்கு 16 மில்லியனுக்குக் குறையாமல் விந்தணு இருந்து, 100இல் 30 ஆவது முன்னோக்கி நீந்தினால், உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லைக்குள் வந்துவிடும். குறைவாக வந்தால், முடிவு செய்யுமுன் இன்னொரு தடவை பார்க்கவேண்டும்.

மூன்றாவது, மனைவியின் முட்டை இருப்பு. ஏ.எம்.எச் என்ற இரத்தப் பரிசோதனை அதைக் காட்டும். சுற்றின் எந்த நாளிலும் செய்யலாம். நம் தம்பதிக்கு மில்லிலீற்றருக்கு 1.4 நனோகிராம் வருகிறது என்று வைப்போம். 32 வயதுக்கு இது சற்றுக் குறைவு. இயற்கையாகக் கரு தங்காது என்று அதற்குப் பொருளில்லை. சத்திரசிகிச்சையில் இழக்கும் அளவுக்கு முட்டைகள் அதிகம் இல்லை என்று எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஏன் இழக்கவேண்டும் என்று கேட்பீர்கள். இந்தக் கட்டியின் தோல், சூலகத் திசுவோடு இறுக ஒட்டியிருக்கும். பலாச்சுளையை இழுத்தால் சடையும் சேர்ந்து வருவதைப்போல, தோலை உரிக்கும்போது முட்டைகள் உள்ள நல்ல திசுவும் கொஞ்சம் வந்துவிடும். பிறகு இரத்தக் கசிவை நிறுத்தச் சூடு வைத்தால் அந்தச் சூடும் முட்டைகளைக் கொல்லும். தேர்ந்த கைகளால் செய்தாலும் ஏ.எம்.எச் ஓரளவு இறங்கத்தான் செய்யும். இரண்டு பக்கமும் கட்டி எடுத்தவர்களுக்கும், ஏற்கெனவே ஒருமுறை செய்துகொண்டவர்களுக்கும் இழப்பு அதிகம். “அப்படியானால் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துவிடலாமே” என்றால், தோல் உள்ளே இருக்கும்வரை கட்டி பெரும்பாலும் திரும்ப வந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு சத்திரசிகிச்சைக்கு இடம் இல்லையா? இருக்கிறது. நம் தம்பதியில் மனைவிக்கு வயது 35க்குக் கீழே, கட்டி ஒரு பக்கம் மட்டும், விந்தும் சரியாக இருக்கிறது. லப்பரஸ்கொப்பி மூலம் கட்டியின் தோலை முழுதாக உரித்து, ஒட்டுக்களை விடுவித்தால், உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கி வைக்கும் ஐ.வி.எஃப் இல்லாமலே கரு தங்கும் வாய்ப்பு கூடும். முழு மயக்கத்தில், வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள் வழியாக இது நடக்கும். அதே நேரத்தில் கருப்பை வழியாக நீலச் சாயம் ஏற்றி, குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மாவட்டப் பெரிய வைத்தியசாலையில் பெண்நோயியல் விசேட வைத்திய நிபுணரிடம், இந்தச் சத்திரசிகிச்சை அங்கே நடக்கிறதா, கண்டிக்கோ கொழும்புக்கோ போகவேண்டுமா என்று நேராகவே கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை.

முடிந்தவுடன் இன்னொரு கணக்கு இருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு இயற்கையாகக் கரு தங்கும் வாய்ப்பைக் கணிக்க, ஈ.எஃப்.ஐ என்று பத்துப் புள்ளிகளுக்கு ஒரு மதிப்பீடு. நம்மவருக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 35 அல்லது அதற்குக் குறைவு, 2 புள்ளி. முயற்சி மூன்று வருடத்தைத் தாண்டவில்லை, 2 புள்ளி. முன்பு கரு தங்கியதில்லை, பூச்சியம். குழாயும் சூலகமும் வேலை செய்யும் நிலை ஒரு பக்கம் சுமார், மறுபக்கம் நன்று, அதற்கு மூன்றில் 2. நோயின் பரவலைப் பார்த்து, இரண்டில் 1. மொத்தம் 7. இது நல்ல புள்ளி. அடுத்த ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இயற்கையாகவே முயலலாம். இதே பெண் இன்னும் ஒரு வருடம் கழித்து வந்திருந்தால், மூன்று வருடம் தாண்டியதற்காகவே 2 புள்ளி போய் 5 ஆகியிருக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு பிழை. சத்திரசிகிச்சை முடிந்ததும் “திரும்ப வராமலிருக்க” என்று டையினோஜெஸ்ட் மாத்திரையோ, மாதாந்த ஊசியோ, கருத்தடை மாத்திரையோ தொடங்கிவிடுகிறார்கள். வலிக்கு அவை நல்ல மருந்துகள்தான். ஆனால் எல்லாமே முட்டை வெளிவருவதைத் தடுப்பவை. அவற்றைப் போட்டுக்கொண்டிருக்கும் வரை கரு தங்காது, நிறுத்தியபின் வாய்ப்பு கூடுவதுமில்லை. உடனே பிள்ளை வேண்டும் என்பவருக்கு அந்த மாதங்கள் வீண். மாத்திரைச் சீட்டு கையில் வந்ததும், “இதைப் போட்டால் கரு தங்குமா?” என்று கேட்டுவிடுங்கள்.

இயற்கையாக முயன்றும் தங்கவில்லை, நோயும் லேசானது, குழாய்கள் திறந்திருக்கின்றன என்றால் ஐ.யு.ஐ செய்து பார்க்கலாம். லெட்ரசோல் போன்ற மாத்திரையை ஐந்து நாள் கொடுத்து, முட்டை வளர்வதை ஸ்கேனில் பார்த்து, அது வெளிவரும் நேரத்தில், கழுவித் தெரிந்தெடுத்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் வைப்பார்கள். மூன்று நான்கு சுற்றுக்குமேல் இதையே திரும்பத் திரும்பச் செய்வதில் பலன் குறைவு.

சில பேருக்கு இந்தப் படிகளில் ஏறாமல் நேரே ஐ.வி.எஃப் போவதுதான் புத்தி. வயது 35ஐத் தாண்டியவர், ஏ.எம்.எச் மிகக் குறைந்தவர், குழாய் இரண்டும் அடைபட்டவர், கணவனின் விந்தணு மிகக் குறைவாக உள்ளவர், ஏற்கெனவே ஒருமுறை கட்டி எடுத்து அது திரும்ப வந்தவர் ஆகியோர். ஐ.வி.எஃபுக்கு முன் கட்டியை எடுத்தால் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு கூடுவதில்லை என்பதால், பெரும்பாலும் கட்டியை அப்படியே விட்டுவிடுவார்கள். வலி தாங்க முடியாதது, முட்டை எடுக்கும் ஊசி போகும் வழியைக் கட்டி மறைப்பது, ஸ்கேனில் கட்டி புற்றுநோய்ச் சந்தேகம் தருவது ஆகியவை விதிவிலக்குகள். குழாயில் நீர் தேங்கி வீங்கியிருந்தால் அதை மட்டும் முதலில் அகற்றவேண்டும், அந்த நீர் கருவைப் பதியவிடாது.

ஐ.வி.எஃபில் பத்து நாள் அளவுக்குத் தினமும் ஊசி, இடையிடையே ஸ்கேன், கடைசி ஊசி போட்டு 36 மணித்தியாலம் ஆகும்போது முட்டை எடுத்தல், மூன்று அல்லது ஐந்து நாள் கழித்துக் கருவை வைத்தல் என்று வேலை போகும். இலங்கையில் இது பெரும்பாலும் தனியார் நிலையங்களில், கொழும்பையும் பெரிய நகரங்களையும் ஒட்டி நடக்கிறது. ஆகவே இரண்டு வாரம் தங்குமிடத்துக்கும் பேர் விழாத நாட்களுக்கும் சேர்த்துத்தான் செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும். கட்டி உள்ளே இருக்கும்போது முட்டை எடுத்தவர்களுக்கு, அரிதாக அந்தக் கட்டியில் சீழ் பிடிக்கும். வீடு திரும்பியபின் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் கூடிக்கொண்டே போனால் தோட்ட டிஸ்பென்சரியில் பனடோல் வாங்கிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குப் போய், முட்டை எடுத்த திகதியையும் கட்டி இருப்பதையும் சொல்லவேண்டும்.

எந்தப் பாதையில் போனாலும், சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம், எத்தனை சென்ரிமீற்றர், தோல் உரிக்கப்பட்டதா வெறுமனே உறிஞ்சப்பட்டதா, சாயம் இரண்டு குழாயிலும் ஓடியதா என்ற நான்கும் அதில் இருக்கவேண்டும். அடுத்த வைத்தியர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.

நன்றி, வணக்கம்.