ஸ்லோ ஆர் அண்ட் பி பீட்ல ஸ்னேர் ஏன் தப்பா வாசிச்ச மாதிரி கேக்குது?

கேள்வி: "அண்ணா, 75 பிபிஎம்-ல ஒரு ஸ்லோ ஆர் அண்ட் பி பீட் போட்டுட்டிருக்கேன். ஹை-ஹேட்டுக்கு ஸ்விங் 60 வெச்சேன். ஸ்னேர் சாவகாசமா விழணும்னு 40 மில்லிசெகண்ட் பின்னாடி தள்ளினேன். சொகுசா சாய்ஞ்சு போகும்னு பாத்தா, யாரோ தடுமாறி வாசிக்கிற மாதிரி கேக்குது. ஸ்விங்கும் சரியா தெரியல. எங்க தப்பு?"

நீங்க சொன்ன ரெண்டு நம்பரும் ஒண்ணோட ஒண்ணு மோதுது. 60, 40 ரெண்டையும் தனித்தனியா பாத்தா பெரிய தப்புன்னு சொல்ல முடியாது. சேர்த்து வெச்சதுலதான் பிரச்சினை. கணக்கோட பாத்துடலாம், உங்க டெம்போவுக்கு கணக்கும் ரொம்ப சுலபம்.

75 பிபிஎம்-ல ஒரு பீட் 800 மில்லிசெகண்ட். அதை நாலா பிரிச்சா ஒரு பதினாறாவது நோட், அதாவது சீக்வென்சர்ல ஒரு ஸ்டெப், 200 மில்லிசெகண்ட். ரெண்டு ஸ்டெப் சேர்ந்தா ஒரு ஜோடி, 400. ஸ்விங் சதவீதம்ங்கிறது இந்த 400-ல முதல் ஸ்டெப்புக்கு எவ்வளவு பங்குன்னு சொல்றது. 1980-ல ரோஜர் லின் எல்எம்-1 டிரம் மெஷின்ல கொண்டு வந்த முறை இது. பின்னாடி எம்பிசி-லயும் இதே கணக்குதான். 50-னா நேரா இருக்கு. 66-னா கிட்டத்தட்ட முழு டிரிப்ளெட் ஷஃபிள். நீங்க வெச்ச 60-ல முதல் ஸ்டெப்புக்கு 240, ரெண்டாவதுக்கு 160. அப்போ இரட்டைப்படை ஸ்டெப் எல்லாம் 40 மில்லிசெகண்ட் லேட்டா விழுது. ஒற்றைப்படை ஸ்டெப் எதுவும் நகராது.

(சில சாஃப்ட்வேர்ல ஸ்விங் 0-ல இருந்து 100 வரைக்கும் இருக்கும். அங்க 60-னு வெச்சா இந்த 60 இல்ல. பியானோ ரோல்ல ஒரு நோட் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு நேரா அளந்து பாத்துக்கோங்க.)

இப்போ ஸ்னேருக்கு வருவோம். ஸ்னேர் ரெண்டாவது பீட்லயும் நாலாவது பீட்லயும் விழுது, அதாவது ஸ்டெப் 5, ஸ்டெப் 13. ரெண்டுமே ஒற்றைப்படை. அதனால ஸ்விங் குமிழை எவ்வளவு திருப்பினாலும் ஸ்னேர் அசையாது. ஸ்னேரை பின்னாடி சாய்க்கிறது ஸ்விங்ல இருந்து முழுக்கத் தனியான வேலை, கையால செய்யறது. நீங்க அதை சரியாத்தான் தனியா செஞ்சிருக்கீங்க, ஆனா தள்ளின அளவு 40.

ரெண்டாவது பீட்டைச் சுத்தி என்ன நடக்குதுன்னு பாருங்க. அதுக்கு முன்னாடி இருக்கிற ஹேட், ஸ்டெப் 4. நேரா இருந்தா 600-ல விழணும், ஸ்விங்கால 640-ல விழுது. ஸ்னேர் 800-ல விழணும், நீங்க தள்ளினதால 840. அதுக்கு அடுத்த ஹேட், ஸ்டெப் 6, 1000-க்குப் பதிலா 1040. 640, 840, 1040. இடைவெளி 200, 200. ஷஃபிள் காணாமப் போச்சு! மூணு அடியும் நேரான பதினாறாவது நோட்டுங்கதான், மொத்தமா 40 மில்லிசெகண்ட் தள்ளி நிக்குது. பார்ல சத்தம் அதிகமான அடி ஸ்னேர்தான், காது அதைத்தான் பிடிக்கும். அந்த இடத்துல ஷஃபிள் ரத்தாகி, மத்த இடத்துல மட்டும் இருந்தா தடுமாற்றமாத்தான் கேக்கும். ஸ்விங் தெரியலைன்னு நீங்க சொன்னதுக்கும் இதுதான் காரணம்.

அதோட ஸ்டெப் 5-ல ஹேட்டும் இருக்கும்ல, அது 800-லயே சரியா விழுது. ஸ்னேர் 840. ஒரே அடியா இருக்க வேண்டியது "ட-டக்"னு ரெண்டா உடையுது. டிரம்மர்கள் இதை ஃப்ளாம்னு சொல்லுவாங்க. இடைவெளி 15, 20-க்குள்ள இருந்தா ஸ்னேர் சத்தம் ஹேட்டை மூடிடும், ஒரு அடியாத்தான் தெரியும். 30-ஐத் தாண்டினா பெரும்பாலும் ரெண்டு அடின்னு தெரிய ஆரம்பிச்சிடும். உங்க பீட்ல ஃப்ளாம் இருக்கான்னு கண்டுபிடிக்க, ஸ்டெப் 5, ஸ்டெப் 13 ஹேட்டை மட்டும் மியூட் பண்ணிக் கேளுங்க. உடனே பாதி சுத்தமாச்சுன்னா இதுதான் விஷயம்.

சரி, எப்படி வைக்கலாம்? ஸ்விங் எவ்வளவு நகர்த்துதோ அதுல பாதி அளவுக்கு ஸ்னேரைத் தள்ளுங்க. இதை சட்டமா எடுத்துக்க வேண்டாம், ஆரம்பிக்க நல்ல இடம். ஸ்விங்கை 58-க்குக் கொண்டு வாங்க, இரட்டைப்படை ஸ்டெப் 32 மில்லிசெகண்ட் நகரும். ஸ்னேரை 16 தள்ளுங்க. இப்போ அதே மூணு அடி 632, 816, 1032-ல விழுது. ஸ்னேருக்கு முன்னாடி 184, பின்னாடி 216. குட்டை, நீளம்ங்கிற ஷஃபிள் வடிவம் அப்படியே இருக்கு, ஆனா ஸ்னேர் பக்கத்துல மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கு. உங்களுக்கு வேண்டிய அந்த சாய்வு இதுலதான் வரும். இன்னும் வேணும்னா 20, 22 வரைக்கும் போங்க. 32-ஐ நெருங்க நெருங்க ஷஃபிள் மறுபடி அழிஞ்சிடும்.

இதுக்கு பார்ல ஏதாவது ஒண்ணு கிரிட்லயே நிக்கணும். எதை வெச்சு லேட்டுன்னு காது அளக்கும்? கிக்கை ஸ்டெப் 1-ல துல்லியமா வைங்க, ஒற்றைப்படை ஹேட்டையும் நகர்த்தாதீங்க. எல்லாத்தையும் சேர்த்து 16 தள்ளினா மொத்தப் பாட்டும் 16 லேட்டா ஆரம்பிக்கும், அவ்வளவுதான். சாய்வு எதுவும் வராது.

ஒரு பார் முழுசா சொல்றேன், போட்டுப் பாருங்க. கிக் ஸ்டெப் 1, 8, 11. ஸ்னேர் 5, 13. ஹேட் ஒற்றைப்படை எட்டு இடத்திலயும், இரட்டைப்படையில 4, 6, 10, 12, 16-ல மட்டும். 2, 8, 14 காலி. ஸ்னேரைச் சுத்தி 4, 6, 12 இருக்கிறதால ஷஃபிள் தெளிவா கேக்கும். வெறும் எட்டாவது நோட்டா ஒற்றைப்படையில மட்டும் ஹேட் போட்டுட்டு "ஸ்விங் வேலை செய்யல"ன்னு நிறைய பேர் கேக்கறாங்க. நகர்த்த அங்க எந்த நோட்டுமே இல்லையே!

வெலாசிட்டி: ஸ்டெப் 1, 9 ஹேட்டுக்கு 85. ஸ்னேரோட சேர்ந்து விழற 5, 13-க்கு 50, ஃப்ளாம் இன்னும் அடங்கும். 3, 7, 11, 15-க்கு 70. இரட்டைப்படைக்கு 40-ல இருந்து 48-க்குள்ள. இரட்டைப்படை ரொம்ப சத்தமா இருந்தா பீட் துள்ள ஆரம்பிக்கும், ஸ்லோ பாட்டுக்கு அது ஆகாது. 30-க்குக் கீழ போனா ஷஃபிளே காதுக்கு எட்டாது.

ஸ்டெப் 8-ல இருக்கிற கிக்கை கவனிங்க. அது இரட்டைப்படை, அதனால ஹேட்டுக்கு வெச்ச அதே 58 அதுக்கும் வேணும். ஹேட் டிராக்குக்கு மட்டும் ஸ்விங் போட்டுட்டு கிக்கை நேரா விட்டா, இந்த ஒரு கிக் மட்டும் 32 மில்லிசெகண்ட் அவசரப்பட்டு முந்திக்கும். பாஸ் நோட்டும் கிக்கோட சேர்ந்து விழுதுன்னா பாஸுக்கும் இதே கதைதான்.

கோஸ்ட் நோட்ல இன்னொரு சிக்கல் வரும். ஸ்டெப் 10-ல வெலாசிட்டி 25-ல ஒரு மெல்லிய ஸ்னேர் போட்டா அழகா இருக்கும். ஆனா நீங்க ஸ்னேரை Track Delay வெச்சு 16 தள்ளியிருந்தா, அந்த கோஸ்டும் ஸ்விங்கோட 32, அதுக்கு மேல 16-னு 48 லேட்டாகும். அதே ஸ்டெப்ல இருக்கிற ஹேட் 32-லதான் நிக்குது, ரெண்டும் இழுபறியா கேக்கும். கோஸ்டைத் தனி டிராக்ல வைங்க, அதுக்கு ஸ்விங் மட்டும் போதும். இல்லன்னா Track Delay-ஐ விட்டுட்டு 5, 13 நோட்டை மட்டும் கையால நகர்த்துங்க. ஒரு பீட்டுக்கு 960 டிக் இருக்கிற சாஃப்ட்வேர்ல 16 மில்லிசெகண்ட்ங்கிறது 19 டிக். பீட்டுக்கு 96 டிக் மட்டும் இருந்தா ஒரு டிக்கே 8 மில்லிசெகண்டுக்கு மேல ஆகிடும், நுணுக்கமா நகர்த்த முடியாது, செட்டிங்ஸ்ல ஏத்திக்கோங்க. நகர்த்தினதுக்கு அப்புறம் பழக்கத்துல Quantize அழுத்திடாதீங்க, எல்லாம் கிரிட்டுக்குத் திரும்பிடும்.

ரேண்டம் ஹியூமனைஸ் வேண்டாம். ஒவ்வொரு பார்லயும் ஸ்னேர் கிட்டத்தட்ட அதே அளவு லேட்டா வந்தாத்தான் வேணும்னே வாசிக்கிறாங்கன்னு காது நம்பும். ஒரு தடவை 5, அடுத்த தடவை 30-னு அலைஞ்சா அது தடுமாற்றம்தான். ரெண்டு மூணு மில்லிசெகண்ட் வித்தியாசம் இருந்தா பரவாயில்ல.

எல்லாம் சரியா வெச்சும் இன்னும் லேட்டா கேட்டா சேம்பிளைப் பாருங்க. ஸ்னேர் சேம்பிளைப் பெருசாக்கி, அலை எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. முன்னாடி 10, 15 மில்லிசெகண்ட் மௌனம் இருக்கிற சேம்பிள் நிறைய உண்டு, நீங்க தள்ளினதோட அதுவும் சேர்ந்துக்கும். அதை வெட்டிட்டு ஆரம்பிங்க. கிளாப் வேற மாதிரி. பல கிளாப்ல சின்னச் சின்ன தட்டு ரெண்டு மூணு முதல்ல வந்து, அதுக்கப்புறம்தான் பெரிய தட்டு விழும். அந்தப் பெரிய தட்டு ஸ்னேரோட சேருற மாதிரி கிளாப்பை முன்னாடி இழுத்து வைங்க, கிரிட்டைப் பாத்து வைக்காதீங்க.

கமென்ட்ல இன்னொருத்தர் இதே பீட்டை 150 பிபிஎம்-ல போடுறேன், ஸ்விங் ஏறவே இல்லன்னு எழுதியிருந்தார். 150-ல ஸ்னேர் மூணாவது பீட்ல விழும், நம்ம பதினாறாவது நோட் அங்க எட்டாவது நோட் ஆகிடும். அப்போ ஸ்விங்கை எட்டாவது நோட்டுக்கு மாத்தணும். 58-ங்கிற நம்பரும், ஸ்னேருக்கு 16 மில்லிசெகண்டும் அப்படியே பொருந்தும். டிக் கணக்குல நகர்த்துறவங்க மட்டும் 19-க்குப் பதிலா 38 வைங்க.