'தஸ்கா' என்றதும் ரஷ்ய நண்பன் ஏன் பதறினான்?

கேள்வி: "ஐயா, நான் வோல்கோகிராதில் மருத்துவம் படிக்கிறேன். என்னோடு பழகும் ரஷ்யப் பையன் அவனுடைய அம்மாவிடம் என்னை 'ப்ரியாத்தெல்' என்று அறிமுகப்படுத்தினான், 'த்ரூக்' என்று சொல்லவில்லை. அப்படியானால் நான் அவனுக்கு நண்பன் இல்லையா? இன்னொரு நாள் வீட்டு நினைவு வந்து 'ஊ மென்யா தஸ்கா' என்றேன், பதறிவிட்டான். தஸ்கா, துஷா என்றால் சரியாக என்ன?"

தம்பி, முதலில் மன வருத்தத்தை விடுங்கள். அந்தப் பையன் உங்களைத் தாழ்த்தவில்லை. ஆங்கிலத்தில் நேற்று அறிமுகமானவரும் 'பிரெண்ட்', இருபது வருடம் கூட இருந்தவரும் 'பிரெண்ட்'. ரஷ்ய மொழி இந்த இடத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. பெயரும் முகமும் தெரிந்தவர் 'ஸ்னகோமி'. சேர்ந்து சுற்றுகிறவர், சிரித்துப் பேசுகிறவர் 'ப்ரியாத்தெல்'. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் காரணம் கேட்காமல் திறப்பவர் 'த்ரூக்'. அந்தச் சொல்லைப் பலர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே தருகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பன்மையில் இந்தக் கண்டிப்பு தளர்ந்துவிடும். மேடையில் நிற்பவர் முன்பின் தெரியாத கூட்டத்தைப் பார்த்து 'த்ருஸ்யா' என்று அழைப்பார். அதை வைத்து ஒருமையை எடை போடாதீர்கள்.

ப்ரியாத்தெல் எப்போது த்ரூக் ஆகிறான்? இங்கேதான் துஷா வருகிறது. அகராதி 'ஆன்மா' என்று சொல்லும். ஆனால் கோயில், தேவாலயப் பேச்சில் மட்டும் வரும் சொல் இல்லை இது. மனம் கனமாக இருந்தால் ரஷ்யர் 'ந துஷே' கனமாக இருக்கிறது என்பார், அதாவது துஷாவின் மேல். பொருளாதாரச் செய்தியில் தலைக்கு இவ்வளவு வருமானம் என்று நாம் கணக்கிடுவதை, அவர்கள் மக்கள்தொகையில் ஒரு துஷாவுக்கு இவ்வளவு என்கிறார்கள். நட்புக்கு வேண்டிய சொற்றொடர் 'கவரீத் ப துஷாம்': ஒளிவு மறைவில்லாமல், நேரம் பார்க்காமல் மனம்விட்டுப் பேசுவது. பெரும்பாலும் சமையலறை மேசையில், தேநீர் ஆறிப்போகும்வரை நடக்கும் பேச்சு அது. அப்படிப் பேசிப் பேசித்தான் த்ரூக் உருவாகிறான். ஆகவே அவன் எந்தச் சொல்லால் உங்களை அழைக்கிறான் என்று பார்க்காமல், தன் வீட்டுக் கவலையை உங்களிடம் சொல்கிறானா என்று பாருங்கள். அதுதான் நல்ல அளவுகோல்.

இனி தஸ்கா. எழுத்தில் 'தொஸ்கா' என்று இருந்தாலும், அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் வாயில் 'தஸ்கா'. நெஞ்சை அழுத்தும் ஏக்கம், துயரம், வெறுமை மூன்றும் கலந்தது இது. எதற்காக என்று சொல்லாமல் 'ஊ மென்யா தஸ்கா' என்று மட்டும் சொன்னால், காரணமே இல்லாத ஓர் இருள் உங்களைப் பிடித்திருக்கிறது என்று கேட்பவருக்குப் படும். அவன் பதறியது நியாயம். 'ப' என்ற முன்னிடைச்சொல்லைச் சேர்த்து, எதை நினைத்து என்று சொல்லிவிட்டால் பொருள் ஓரிடத்தில் நிற்கும்: 'தஸ்கா ப ரோதினெ', பிறந்த மண்ணுக்கான ஏக்கம். ஆனால் அதுவும் கனமான சொல்தான், நாடு விட்டுப் போனவர்களைப் பற்றி எழுதும்போது வருவது. இதற்கு நேர்மாறாக, சலிப்பூட்டும் சொற்பொழிவு முடிந்து வெளியே வருகிறவர் 'ககாயா தஸ்கா!' என்பார். அங்கே 'ஒரே அறுவை' என்பதற்கு மேல் பொருள் இல்லை.

நீங்கள் அன்று சொல்லியிருக்க வேண்டியது 'ஸ்குச்சாயு ப தோமு', வீட்டு நினைவாக இருக்கிறது. இதிலும் 'ப' முக்கியம். அதை விட்டுவிட்டு 'ம்ன்யே ஸ்கூஷ்ன' என்றால் 'எனக்குப் போரடிக்கிறது' என்றாகிவிடும். வீட்டில் விருந்து வைத்தவர் முன்னால் இதைச் சொன்னால் அவர் முகம் வாடும்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலம் கட்டடத்துக்கு ஒரு சொல், வாழும் இடத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறது. ரஷ்ய மொழியில் இரண்டும் 'தோம்'. ஒன்பது மாடிக் குடியிருப்பும் தோம் தான். வேறுபாடு சொல்லின் வடிவத்தில் இருக்கிறது. 'வ தோம்' என்றால் ஏதோ ஒரு கட்டடத்துக்குள் போகிறீர்கள். 'தமோய்' என்றால் உங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது 'யேது தமோய்' என்று சொன்னால் போதும், யாருடைய வீடு என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

இதோடு 'ரத்னோய்' என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். ரத்னோய் அண்ணன் என்றால் உடன்பிறந்த அண்ணன், ரத்னோய் மொழி என்றால் தாய்மொழி, ரத்னோய் தோம் என்றால் வளர்ந்த வீடு. இரத்த உறவுக்கு வெளியே மிக நெருங்கியவரையும் இப்படி அழைப்பது உண்டு. ஆனால் பழகிச் சில மாதங்களே ஆன நண்பனிடம் நீங்களாக இதைச் சொல்ல வேண்டாம். அவர்கள் வாயிலிருந்து முதலில் வரட்டும்.