அந்த −1ஐ ஏன் வெட்டினீர்கள்?

வணக்கம் எல்லோருக்கும். வெளியில் மழை, தகரத்தில் விழுகிற சத்தம் உங்களுக்கும் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி உயர்தரம் படிக்கிறான், நேற்றுப் பின்னேரம் கொப்பியோடு வந்து இந்தக் கணக்கைக் காட்டினான்.

```
x^(log x) = 1000x²
```

இங்கே log என்றால் அடி 10. x சுட்டிக்குள்ளும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது, அதுதான் ஆளைப் பயப்படுத்துகிறது. சுட்டியைக் கீழே இறக்க மடக்கையை விட்டால் வேறு வழியில்லை. log x இருக்கிறபடியால் x நேர் எண், அப்போது இரண்டு பக்கமும் நேர்தான், தாராளமாக மடக்கை எடுக்கலாம்.

இடப்பக்கம் சுட்டி log x முன்னுக்கு வந்து log x ஐப் பெருக்குகிறது, ஆகவே (log x)². வலப்பக்கம் பெருக்கம், அது கூட்டலாகப் பிரியும்: log 1000 + log x², அதாவது 3 + 2 log x. தம்பி முதலில் இடப்பக்கத்தை log x² என்று அடைப்பு இல்லாமல் எழுதிவிட்டான், பிறகு அதை 2 log x ஆக்கினான், கடைசியில் 0 = 3 என்று வந்து நின்றது. அப்படி ஏதாவது வந்தால் முதலில் அந்த அடைப்பைப் பாருங்கள்.

சரி, log x ஐ y என்று வைத்தால்:

```
y² − 2y − 3 = 0
(y − 3)(y + 1) = 0
```

y = 3 அல்லது −1. இங்கேதான் இரண்டாவது பிழை. மடக்கை மறையாக வராது என்று சொல்லி −1ஐக் குறுக்கே கோடு போட்டு வெட்டியிருந்தான். மறையாக வரக்கூடாதது x, அதன் மடக்கை இல்லை! log 0.1 இன் பெறுமானமே −1 தானே. ஆகவே x = 1000, x = 0.1 இரண்டும் தீர்வு.

போட்டுப் பார்ப்போம். 1000 என்றால் இடப்பக்கம் 1000³, அதாவது 10⁹. வலப்பக்கம் 1000 × 10⁶, அதுவும் 10⁹. 0.1 என்றால் இடப்பக்கம் 0.1 இன் சுட்டி −1, அது 10. வலப்பக்கம் 1000 × 0.01, அதுவும் 10.

இன்னொன்று, எனக்கு நல்லாய்ப் பிடித்தது. y இன் இரண்டு மூலங்களையும் கூட்டினால் 2, அதனால் x இன் இரண்டு விடையையும் பெருக்கினால் 10², 100 வர வேண்டும். 1000 × 0.1, சரிதானே? 1000க்குப் பதிலாக வேறு நேர் எண் போட்டாலும், இரண்டு விடை இருக்கும் வரைக்கும் இந்த 100 மாறாது. ஆனால் அந்த எண் 0.1ஐ விடக் குறைந்தால் மெய்த் தீர்வே கிடையாது: 0.001 போட்டால் y² − 2y + 3 = 0 வரும், அதன் தன்மைகாட்டி −8. சரியாக 0.1 என்றால் ஒரே விடை, 10.

அதே கணக்கில் பெருக்கலை எடுத்துவிட்டு 1000 + x² என்று கேட்டால் இந்த வழி படுத்துவிடும், கூட்டலுக்குள் மடக்கை நுழையாது. சரி, கரண்ட் மின்னுகிறது, நிற்பாட்டுகிறேன்.