தண்டவாளம் முடியுற இடம் வரைக்கும்: ஒரு டிராவல் வ்லாகுக்கு ஸ்கிரிப்ட் எழுதுறது எப்படி

[திரையில்: கடலுக்கு நடுவே பாம்பன் ரயில் பாலம். இசை இல்லை. காற்றுச் சத்தம் மட்டும்.]

குரல்: பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை. இந்த நாலு இடத்தையும் ஒரே நாள்ல சுத்திப் படம் பிடிச்சுட்டு வந்து எடிட்டிங்ல உட்கார்ந்தா, பெரும்பாலும் ஒரே பிரச்சினைதான் வரும். ஒவ்வொரு இடமும் தனித்தனியா நல்லா இருக்கும். ஆனா ஒண்ணுலேருந்து அடுத்ததுக்குப் போக வழி இருக்காது. அந்த வழிக்கான ஷாட்டை முந்தின இடத்துலயே எடுத்திருக்கணும். அங்கே நின்னப்போ அது தேவைப்படும்னு தெரிஞ்சிருக்காது. அதனாலதான் ஸ்கிரிப்டை ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே எழுதணும். இந்த வழித்தடத்துக்கு எட்டு நிமிஷ வ்லாக் ஒண்ணை இப்போ எழுதிப் பார்ப்போம்.

[திரையில்: வெள்ளைத் தாள். நாலு ஊர்ப் பெயர்கள். நடுவே ஒரு கோடு.]

குரல்: இடங்களைப் பட்டியல் போடுறதுக்கு முன்னாடி, அதுக்கெல்லாம் நடுவுல ஓடுற ஒரு கேள்வியைக் கண்டுபிடிக்கணும். இந்தத் தீவுல அது கண்ணு முன்னாடியே இருக்கு: தண்டவாளம். 1964 வரைக்கும் எழும்பூர்ல ரயில் ஏறினவங்க தனுஷ்கோடி வரைக்கும் ரயில்லயே போனாங்க. அங்கேருந்து கப்பல்ல தலைமன்னார். இன்னைக்கு ராமேஸ்வரத்தோட ரயில் நின்னுடுது. அப்போ மிச்சப் பாதை என்ன ஆச்சு? எட்டு நிமிஷத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

கேள்வி முடிவானா, எதை விடணும்ங்கிறதும் தானா முடிவாகிடும். பேக்கரும்புல இருக்கிற கலாம் நினைவிடம் அவசியம் பார்க்க வேண்டிய இடம். ஆனா தண்டவாளக் கதையில அதுக்கு இடமில்லை. ரெண்டு நிமிஷம் உள்ளே நுழைச்சா, அதுவும் அரைகுறையா நிக்கும், இதுவும் அறுந்துடும். அதுக்குத் தனி வீடியோ எடுங்க. ராமநாதசுவாமி கோயிலும் இப்படித்தான். உள்ளே செல்போன், கேமரா எதுக்கும் அனுமதி இல்லை. பிராகாரத்தைக் காட்ட முடியாதப்போ அதைப் பத்தி ஒரு நிமிஷம் பேசுறதுல அர்த்தமில்லை. வெளியிலேருந்து கோபுரம் ஒரு ஷாட், ஒரு வரி, அவ்வளவுதான்.

[திரையில்: "முதல் 20 வினாடி"]

குரல்: இப்போ ஹூக். "வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம எங்கே வந்திருக்கோம்னா" அப்படின்னு ஆரம்பிச்சா, பார்க்கிறவருக்கு இன்னும் ஒரு விஷயமும் கிடைக்கலை. ஊர்ப் பெயரைத் தலைப்புலயே படிச்சுட்டுத்தான் அவர் உள்ளே வந்திருக்கார். அந்தக் கேள்வியை அப்படியே முதல் வரியா வைங்க.

[திரையில், எழுத்தாக:]
"இந்தப் பாலத்துல போற ரயில் இன்னும் கொஞ்ச தூரத்துல நின்னுடும். 1964 வரைக்கும் அப்படி இல்லை. இந்தத் தீவோட கடைசி முனைப் பக்கம் வரைக்கும், கப்பல் துறை வரைக்கும் ரயில் போச்சு. அந்தப் பாதை எங்கே பிரிஞ்சது, எங்கே முடிஞ்சது? ரெண்டு இடத்தையும் இன்னைக்கு நேர்ல பார்க்கப் போறோம்."

குரல்: இதை நிதானமாப் படிச்சா சுமார் இருபது வினாடி வரும். செல்போன்ல டைமர் வச்சு வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. மனசுக்குள்ள படிக்கிற வேகம் எப்பவும் ஏமாத்தும். கடைசி வாக்கியத்தைக் கவனிங்க. அது ஒரு வாக்கு. ரெண்டு இடம் காட்டுறேன்னு சொல்லிட்டா, வீடியோவுல ரெண்டும் இருக்கணும். ஹூக்குக்கு அடியில ஓடப்போற காட்சி மூணு: பாலத்துல ரயில், மணல்ல இடிஞ்ச சுவர், கடலுக்கு நடுவே போற ரோடு. மூணும் வேற வேற இடத்துல எடுக்க வேண்டியது. அதனால ஹூக்கோட ஷாட்களை அந்தந்த இடத்தோட பட்டியல்ல இப்பவே எழுதிடணும். இல்லைன்னா வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

[திரையில்: பாம்பன் கரை. படகுகள். பின்னால் பாலம்.]

குரல்: முதல் இடம் பாம்பன். ஒவ்வொரு இடத்துக்கும் ஸ்கிரிப்ட்ல நாலு கேள்விக்குப் பதில் எழுதினா போதும். வந்து சேர்ற ஷாட் எது? கேமராவைப் பார்த்துப் பேசுற ரெண்டு மூணு வரி என்ன? பார்க்கிறவர் கண்ணை எந்த ஒரு பொருள் மேல நிறுத்தப் போறோம்? கிளம்புற வரி எது?

பாம்பன்ல அந்த ஒரு பொருள், புதுப் பாலத்தோட நடுவுல செங்குத்தா மேலே ஏறுற பகுதி. பழைய பாலம் 1914-ல திறந்தது. புதுசு 2025 ஏப்ரல்ல. மேலே ஏறுற பகுதியோட நீளம் 72.5 மீட்டர், கப்பல் கடக்கிறதுக்காக 17 மீட்டர் உயரம் ஏறும். இதைப் பேச்சுல சொல்லும்போது "எழுபது மீட்டருக்கு மேல நீளமான ஒரு துண்டு, அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறும்"னு சொல்லுங்க. துல்லியமான எண்ணைத் திரையில எழுத்தாப் போடுங்க. காது புள்ளி எண்களைப் பிடிச்சு வைக்காது.

இங்கே பலரும் மாட்டிக்கிறது ஒண்ணு இருக்கு. பாலம் மேலே ஏறுற காட்சியை நம்பி எழுதிடுவாங்க. கப்பலோ பெரிய படகோ கடக்கும்போதுதான் அது நடக்கும். நீங்க நிக்கிற நேரத்துல நடக்கணும்னு இல்லை. அதனால அந்த வரியைப் பாலம் அசையாம இருக்கும்போதும் பொருந்துற மாதிரி எழுதுங்க. நடந்தா கூடுதல் லாபம்.

அடுத்தது காத்து. பழைய பாலத்துல காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா ரயிலை நிறுத்திடுவாங்க, அப்படிப்பட்ட இடம் இது. மைக்குக்கு மேல ரோம உறை போடாம பேசினா குரலே கேட்காது. போட்டாலும் பலத்த காத்துல கரகரக்கும். ரோட்டுப் பாலத்து மேல வண்டியை நிறுத்திப் பேசுறது ஆபத்து, பின்னாடி வர்ற பஸ்ஸுக்கும் இடைஞ்சல். பேசுற வரிகளைக் கரையில, ஒரு சுவரோட மறைவுல வச்சுக்கங்க. முக்கியமான வரியை உடனே வண்டிக்குள்ள கண்ணாடியை ஏத்திவிட்டு இன்னொரு தடவை சொல்லிப் பதிவு பண்ணிடுங்க. கேமரா குரல் கெட்டுப்போனா, காட்சிக்கு மேல இந்தக் குரலை ஓட்டலாம்.

[திரையில்: ஒரே தகவல், இரண்டு விதமாக. "இப்பாலம் மண்டபத்தையும் பாம்பனையும் இணைக்கும் வகையில் அமைந்துள்ளது." / "அந்தப் பக்கம் மண்டபம். இந்தப் பக்கம் பாம்பன். நடுவுல கடல்."]

குரல்: மேலே இருக்கிறது படிக்கிறதுக்கு. கீழே இருக்கிறது பேசுறதுக்கு. "அமைந்துள்ளது", "காணப்படுகிறது" மாதிரி வார்த்தைகள் ஸ்கிரிப்ட்ல இருந்தா, கேமரா முன்னாடி முகமே மாறிடும். மனப்பாடம் பண்ணின பையன் மாதிரி ஆகிடுவோம். கையால சுட்டிக் காட்ட முடியுற மாதிரி வாக்கியத்தை உடைங்க.

[திரையில்: தாளில் ஒரு கோடு, பாம்பனில் இரண்டாகப் பிரிகிறது.]

குரல்: இப்போ முதல் டிரான்சிஷன். பாம்பன்லேருந்து ராமேஸ்வரம். இங்கே பல வீடியோக்கள்ல வர்ற ஒரு தப்பு: ராமேஸ்வரம் ஸ்டேஷன்ல நின்னு, "இங்கேருந்துதான் அந்தக் காலத்துல தனுஷ்கோடிக்கு ரயில் போச்சு"ன்னு சொல்றது. பழைய பாதை பாம்பன்லயே ரெண்டாப் பிரிஞ்சது. ஒண்ணு ராமேஸ்வரத்துக்கு. இன்னொண்ணு நேரா தனுஷ்கோடிக்கு. கடல் எடுத்துக்கிட்டது அந்த ரெண்டாவது கிளையை.

தகவலைச் சரிபார்த்தா கதையும் நல்லாவே அமையுது. பாம்பன்ல கிளம்புற வரி இப்படி ஆகுது: "பாதை இந்த ஊர்லதான் ரெண்டாப் பிரிஞ்சது. முதல்ல, இன்னும் உயிரோட இருக்கிற கிளையைப் பார்ப்போம்." இந்த வரி முடியும்போது ரயில் ஹாரன் சத்தம் வரணும். அது ராமேஸ்வரம் ஸ்டேஷன்ல பதிவு பண்ணினது. அடுத்த இடத்தோட சத்தம் ஒரு ரெண்டு வினாடி முன்னாடியே காதுல விழுந்துட்டா, காட்சி மாறும்போது உறுத்தாது. இதுக்காக ஒவ்வொரு இடத்துலயும் யாரும் பேசாம முப்பது வினாடி அங்கத்திய சத்தத்தை மட்டும் பதிவு பண்ணுங்க. வெட்டி ஒட்டுறப்போ வர்ற ஓட்டைகளை அடைக்கவும் அதுதான் உதவும்.

ராமேஸ்வரத்துக்கு ஒரு நிமிஷம் போதும். ஸ்டேஷனுக்கு வெளியிலேருந்து பெயர்ப் பலகை, கோபுரம், கிளம்புற வரி: "இந்தக் கிளை இங்கே முடிஞ்சுடுது. இன்னொண்ணு?"

[திரையில்: வண்டி ஜன்னல் வழியே நீளும் சாலை. இரு பக்கமும் கடல்.]

குரல்: தனுஷ்கோடி ரோடுதான் இந்த வீடியோவோட மிக நீளமான டிரான்சிஷன். ரோடு அரிச்சல்முனை வரைக்கும் 2017-லேருந்து இருக்கு. போகும்போது இடப்பக்கம் வங்கக் கடல், வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஜன்னல் ஷாட்டைப் போகும்போதே எடுத்துடுங்க. திரும்பும்போது அதே ஜன்னல்ல எடுத்தா கடல் மாறிடும், எதிர் ஜன்னல்ல எடுத்தா காட்சி ஓடுற திசை மாறிடும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனா ஏதோ திரும்பிப் போற மாதிரி தோணும். ஒரே பக்க ஜன்னல், கேமராவை அசைக்காம இருபது வினாடி. அதுக்கு மேல குரல்ல புயலைச் சொல்லணும்.

[திரையில், எழுத்தாக:]
"1964 டிசம்பர் 22 ராத்திரி. பாம்பன்லேருந்து கிளம்பின பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கிட்டிருந்தது. புயல் அலை வந்து ரயிலைப் பயணிகளோட சேர்த்து அடிச்சுட்டுப் போச்சு. ஊரும் போச்சு. பாதையும் போச்சு."

குரல்: இறந்தவங்க எண்ணிக்கையை வேணும்னேதான் எழுதலை. ஒவ்வொரு பதிவுலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. எண்ணே இல்லாமலும் இந்த வரி நிக்கும். இங்கே இசையை முழுசா எடுத்துடுங்க.

தனுஷ்கோடியில கண்ணை நிறுத்த வேண்டிய பொருள், ரயில் நிலையத்தோட இடிஞ்ச சுவர். எல்லாரும் சர்ச் சுவரைத்தான் எடுப்பாங்க, அது பார்க்க அழகும்கூட. ஆனா நாம கேட்டது தண்டவாளத்தை. சர்ச்சை மூணு வினாடி காட்டிட்டு, ஸ்டேஷன் சுவர்ல நில்லுங்க. வந்து சேர்ற ஷாட்டை ராமேஸ்வரம் பெயர்ப் பலகையோட அதே அளவு, அதே கோணத்துல எடுங்க. பலகையிலேருந்து சுவருக்கு நேரா வெட்டினாலே ரெண்டு கிளையோட கதையும் புரிஞ்சுடும். இதுக்கு முதல்ல எடுத்த ஷாட்டைச் செல்போன்ல திறந்து பக்கத்துல வச்சுக்கிட்டு ஃப்ரேம் வைக்கணும். கையைச் சுழட்டி ஸ்விஷ்னு மாத்துற வேலையெல்லாம் இந்த இடத்துக்கு ஒட்டாது. இடிபாடுகளுக்குப் பக்கத்துல மீனவக் குடும்பங்கள் இருக்காங்க, கடை வச்சிருக்காங்க. கேட்டுட்டுத்தான் அவங்க பக்கம் கேமரா திரும்பணும்.

[திரையில்: அரிச்சல்முனை. நான்முகச் சிங்கத் தூண். சாலை அதைச் சுற்றித் திரும்புகிறது.]

குரல்: கடைசி இடத்துல பேச்சைக் குறைங்க. ரோடே இங்கே ஒரு தூணைச் சுத்தித் திரும்பிடுது. சாயங்காலம் 5 மணி வாக்குல எல்லாரையும் கிளம்பச் சொல்லிடுவாங்க, அதனால சூரியன் மறையுற காட்சியை ஸ்கிரிப்ட்ல எழுதாதீங்க. ட்ரோன் ஷாட்டும் அப்படித்தான். எல்லைக்குப் பக்கத்துல இருக்கிற கடற்கரை இது. ட்ரோன் எங்கே பறக்கலாம்னு காட்டுற அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல அனுமதி பார்க்காம ஒரு வரிகூட அதை நம்பி எழுத வேண்டாம்.

வெளிச்சத்துக்காக அரிச்சல்முனையைக் காலையில முதல்லயே எடுத்துட்டுப் பாம்பனை மத்தியானம் எடுக்கிறதா இருந்தா, அன்னைக்கு முழுக்க ஒரே சட்டை போடுங்க. பேச்சுல "காலையில", "இப்போ வெயில் ஏறிடுச்சு" மாதிரி நேரத்தைச் சொல்ற வார்த்தை எதுவும் வரக்கூடாது. ஜன்னல் ஷாட் அப்பவும் போற திசையிலதான்.

[திரையில்: தூணுக்கு அப்பால் கடல். பத்து வினாடி, அலைச் சத்தம்.]

குரல்: இங்கே எழுதி வச்சிருக்கிறது ஒரே வரி. "தண்டவாளம் இதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுச்சு. இதுக்கு அப்புறம் கப்பல்."